வளையத்துக்கு வெளியே நிற்கும் நுனிகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தி மகள் ஒரு ரிப்போர்ட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். இரண்டு முறை கரு கலைந்த பிறகு எடுத்த குரோமோசோம் பரிசோதனை. கடைசி வரி இப்படி இருந்தது:

`46,XX,inv(9)(p12q13)`

கீழே ஒரே ஒரு கேள்வி. "அண்ணா, குரோமோசோம் திரும்பியிருக்குன்னு சொல்றாங்க, அப்போ என்னாலதான் ரெண்டு தடவையும் கலைஞ்சுதா?"

இரண்டு நாளாக அவள் தூங்கவில்லை என்று சித்தி தனியாகப் போன் செய்து சொன்னார். குரோமோசோம் பார்ப்பதுதான் என் வேலை, அதனால் பதில் எனக்கு உடனே தெரியும்: அந்த வரிக்கும் கரு கலைந்ததற்கும் சம்பந்தமில்லை. ஆனால் "ஒண்ணும் இல்லம்மா" என்று ஒரு வரியில் சொன்னால் அவள் நம்பமாட்டாள், நம்பவும் கூடாது, ஏனென்றால் இதே `inv` என்ற மூன்றெழுத்து வேறொரு எண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் நான் இப்படி நிம்மதியாக இருக்கமாட்டேன். மதியம் வரச் சொன்னேன். சாப்பாட்டு மேசையில் இரண்டு காகிதக் கீற்று, ஒரு பேனா, கத்தரிக்கோல். அன்றைக்கு அவளுக்குக் காட்டியதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

தலைகீழ் திருப்பம் என்றால் குரோமோசோம் இரண்டு இடத்தில் உடைந்து, நடுத்துண்டு அப்படியே திரும்பி, மறுபடி ஒட்டிக்கொள்வது. எதுவும் தொலையவில்லை, எதுவும் கூடவில்லை. உடைந்த இடம் ஒரு முக்கியமான மரபணுவின் நடுவில் இருந்தாலொழிய, அந்த ஆளுக்கு உடம்பில் ஒரு குறையும் இருக்காது. பெரும்பாலானவர்கள் தங்களிடம் அது இருப்பதே தெரியாமல் எண்பது வயதுவரை வாழ்ந்துவிட்டுப் போகிறார்கள். சிக்கல் வருவது ஒரே ஒரு கட்டத்தில்தான். முட்டையோ விந்தணுவோ உருவாகும்போது, அதாவது மியாசிஸில், அப்பா கொடுத்த குரோமோசோமும் அம்மா கொடுத்த குரோமோசோமும் பக்கத்தில் பக்கத்தில் வந்து ஜோடி சேர வேண்டும். ஒன்று நேரானது, இன்னொன்று நடுவில் திரும்பியது. இப்படி ஒன்றுக்கு ஒன்று மாறாக இருப்பவரைத்தான் தலைகீழ் திருப்பத்தின் ஹெட்டிரோசைகோட் என்கிறோம்.

முதல் கீற்றில் இப்படி எழுதினேன். கறுப்புப் புள்ளிதான் சென்ட்ரோமியர், குரோமோசோமை இழைகள் பிடித்து இழுக்கும் இடம்.

அ – ஆ – ● – இ – ஈ – உ

இரண்டாவது கீற்றிலும் அதையே எழுதி, அ-வுக்கு அடுத்தும் ஈ-க்கு அடுத்தும் வெட்டி, நடுத்துண்டைத் திருப்பி ஒட்டினேன்.

அ – ஈ – இ – ● – ஆ – உ

"இப்போ ஆ-வுக்கு நேரா ஆ, இ-க்கு நேரா இ வர மாதிரி ரெண்டையும் சேர்த்து வை" என்றேன். அவள் கீற்றுகளை நேராக வைத்துப் பார்த்தாள், நுனிகள் சேர்ந்தன, நடு சேரவில்லை. நடுவைச் சேர்த்தாள், நுனிகள் எதிரெதிர்ப் பக்கம் போயின. கொஞ்ச நேரம் திணறிவிட்டு அவளாகவே ஒரு கீற்றை மடக்கி ஒரு சுழி சுற்றினாள், எல்லா எழுத்தும் ஜோடி சேர்ந்தது. அந்தச் சுழிதான் மியாசிஸில் ஜோடி சேர்ந்து நிற்கும் பாக்கிட்டீன் கட்டத்தில் மைக்ராஸ்கோப்பில் தெரியும் தலைகீழ் வளையம். குரோமோசோமுக்கும் வேறு வழி இல்லை.

வளையம் போடுவதால் மட்டும் ஒரு கேடும் இல்லை. அந்த வளையத்துக்குள்ளே குறுக்கேற்றம் நடந்தால்தான் கதை மாறும். ஜோடி சேர்வதற்கு முன்பே ஒவ்வொரு குரோமோசோமும் தன்னைப் பிரதி எடுத்து இரட்டையாக நிற்கும், அதில் ஒவ்வொன்றும் ஒரு குரோமாட்டிட். இரண்டு குரோமாட்டிடுகள் ஒரே இடத்தில் அறுந்து, ஒன்றின் பாதி மற்றொன்றின் பாதியோடு ஒட்டிக்கொள்வது குறுக்கேற்றம், அது தெரிந்ததே. இப்போது அது இ-க்கும் ஈ-க்கும் நடுவில் நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். விரலை முதல் கீற்றின் அ-வில் வையுங்கள். அ, ஆ, சென்ட்ரோமியர், இ. இங்கே அடுத்த கீற்றுக்குத் தாவ வேண்டும். அந்தக் கீற்றில் இ-யிலிருந்து ஈ-க்குப் போனால் அதற்கு அடுத்து வருவது உ இல்லை, அ!

அ – ஆ – ● – இ – ஈ – அ

மிச்சம் இருக்கும் பாதிகள் சேர்ந்தால்:

உ – ஆ – ● – இ – ஈ – உ

சித்தி மகள் இதை விரலால் மூன்று முறை தடவிப் பார்த்தாள். ஒன்றில் இரண்டு நுனியும் அ, உ-வே இல்லை. இன்னொன்றில் இரண்டு நுனியும் உ, அ இல்லை. இரண்டிலும் சென்ட்ரோமியர் ஒன்றே ஒன்றுதான், ஆகையால் செல் பிரிவு எந்தத் தடங்கலும் இல்லாமல் நடந்து முடியும், இந்தக் குரோமோசோம்கள் முட்டைக்குள்ளோ விந்தணுவுக்குள்ளோ சாதாரணமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். பார்வைக்கு முழுக் குரோமோசோம், உள்ளே கணக்கு தப்பு. சென்ட்ரோமியர் வளையத்துக்குள் இருக்கும் இந்த வகைக்குப் பெரிசென்ட்ரிக் என்று பெயர்.

இதில் நான் நிறுத்தி நிதானமாகச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. குறுக்கேற்றம் ஆ-வுக்கும் இ-க்கும் நடுவில் நடந்ததாக வைத்து மறுபடி தடவிப் பாருங்கள். அதே விடைதான் வரும். வளையத்துக்குள் எங்கே நடந்தாலும் இரட்டிப்பதும் தொலைவதும் அ-வும் உ-வும்தான், ஆ, இ, ஈ மூன்றும் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக ஒரு பிரதி இருக்கும். திரும்பிய துண்டில் இருக்கும் மரபணுக்களுக்கு ஒன்றும் ஆவதில்லை, திரும்பாமல் சும்மா நின்ற நுனிகள்தான் பலியாகின்றன. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் வரைக்கும் ரிப்போர்ட் பார்த்ததும் திரும்பிய துண்டில் என்னென்ன மரபணு இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். தேட வேண்டியது அதற்கு வெளியே.

இதிலிருந்து வரும் முடிவு முதலில் கேட்கத் தலைகீழாகத்தான் இருக்கும். சின்னத் திருப்பம் ஆபத்து குறைவு, பெரிய திருப்பம்தான் ஆபத்து. சின்னத் துண்டு திரும்பியிருந்தால் அதற்குள் குறுக்கேற்றம் விழும் வாய்ப்பே குறைவு. பல சமயம் வளையமே போடாமல், அந்தச் சின்னப் பகுதி மட்டும் பொருந்தாமல் நேராகவே படுத்துக்கொள்ளும். அப்படியும் தப்பித் தவறி ஒரு குறுக்கேற்றம் நடந்தால், வெளியே இருக்கும் நுனிகள் நீளமானவை என்பதால் கூடுதலும் குறைவும் பெரிதாக இருக்கும், அந்தக் கரு பெரும்பாலும் ஆரம்பத்திலேயே நின்றுவிடும். பெரிய துண்டு திரும்பியிருந்தால் குறுக்கேற்றம் ஏறக்குறைய நிச்சயம், வெளியே இருக்கும் நுனிகளோ குட்டை. குட்டையான நுனி கூடினாலும் குறைந்தாலும் கரு தாக்குப்பிடித்துப் பிறந்துவிடும், ஆனால் நோயோடு பிறக்கும். விந்தணுக்களை எண்ணிப் பார்த்த ஆய்வுகளும் இதையேதான் காட்டுகின்றன: திருப்பம் குரோமோசோம் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் கணக்கு தப்பிய விந்தணு கிட்டத்தட்ட இருப்பதில்லை, பாதியைத் தாண்டும்போதுதான் எண்ணிக்கை ஏறுகிறது.

இதற்கு என் மனதில் எப்போதும் நிற்கும் உதாரணம் அமெரிக்காவின் தெற்குக் கொலராடோவில் இருக்கும் சான் லூயிஸ் பள்ளத்தாக்கு. அங்கேயும் பக்கத்து வடக்கு நியூ மெக்சிகோவிலும் பல தலைமுறையாக வாழும் ஸ்பானிய வழிக் குடும்பங்கள் சிலவற்றில் ஒரே மாதிரி குறைகளோடு குழந்தைகள் பிறப்பதை 1970களில் மருத்துவர்கள் கவனித்தார்கள். பத்தில் ஒன்பதுக்கு மேல் பிறவி இதயக் குறை, அதோடு அகன்று விலகிய கண்கள், சிலருக்குச் சிறுநீரகக் கோளாறு, அறிவு வளர்ச்சியில் பின்னடைவு. பெற்றோர்களில் ஒருவரைச் சோதித்தால் `inv(8)(p23.1q22.1)`. எட்டாவது குரோமோசோமில் பெரிசென்ட்ரிக் திருப்பம். சென்ட்ரோமியருக்கு ஒரு பக்கம் இருக்கும் குட்டைக் கைதான் p, மறு பக்கம் இருக்கும் நீளக் கை q. தொலைதூரக் குடும்பங்களிலும் உடைந்த இடங்கள் ஒன்றேதான், அதாவது எல்லாருக்கும் பொதுவான ஒரு மூதாதையிடம் ஒரே ஒரு முறை நடந்த உடைவு, அப்படியே கைமாறி வந்திருக்கிறது.

எழுத்துக்களை எடுத்துவிட்டு இதில் பொருத்திப் பாருங்கள். எட்டாவது குரோமோசோம் மொத்தம் சுமார் 14.5 கோடி டி.என்.ஏ. எழுத்து நீளம். குட்டைக் கையின் நுனி, p23.1-க்கு வெளியே இருப்பது, அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதுதான் நம் அ. நீளக் கையின் நுனி, q22.1-இலிருந்து கடைசிவரை, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அது உ. நடுவில் பாதிக்கு மேல் திரும்பிய துண்டு. வளையத்துக்குள் குறுக்கேற்றம் விழுந்தால் ஒரு பக்கம் அ தொலைந்து உ இரட்டிக்கும், இன்னொரு பக்கம் உ தொலைந்து அ இரட்டிக்கும். ஒரு குரோமோசோமில் மூன்றில் ஒரு பங்கு தொலைந்த கரு உயிரோடு பிறப்பதில்லை. குட்டை நுனி தொலைந்து நீள நுனி கூடிய கருவால் பிறக்க முடிகிறது, ஏனென்றால் கூடுதலை உடம்பு தாங்கும் அளவுக்குக் குறைவைத் தாங்காது. சான் லூயிஸ் பள்ளத்தாக்கின் குழந்தைகள் எல்லாரும் குட்டை நுனி தொலைந்த இந்த வகை. ஒரே குறுக்கேற்றத்தில் இரண்டு வகையும் சம எண்ணிக்கையில் உருவாகின்றன, தொட்டில்வரை வருவது ஒன்று மட்டும்.

சரி, எத்தனை முறை வருகிறது? வளையத்துக்குள் ஒரு குறுக்கேற்றம் என்றால் நான்கு குரோமாட்டிடுகளில் இரண்டுதான் மாறும், மற்ற இரண்டில் ஒன்று பழைய நேரானது, ஒன்று பழைய திரும்பியது. மாறிய இரண்டில் பிறக்கக்கூடியது ஒன்று. ஆகவே காகிதத்தில் போட்டால் நான்கில் ஒன்று வர வேண்டும். உண்மையில் அந்தத் திருப்பத்தைச் சுமப்பவருக்கு இப்படி ஒரு குழந்தை பிறக்கும் வாய்ப்பு 100-க்கு சுமார் 6. மிச்சம் எங்கே போயிற்று என்றால், எல்லாச் செல்லிலும் முழு வளையம் உருவாவதில்லை, சிலவற்றில் அதே இரண்டு குரோமாட்டிடுகள் இரண்டு இடத்தில் மாறிக்கொண்டு கணக்கு மறுபடி நேராகிவிடும், சில கருக்கள் வழியிலேயே கலைந்துவிடும். 6 என்பது சின்ன எண்ணாகத் தோன்றலாம், ஆனால் ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் அதே 6 என்று நினைத்துப் பார்த்தால் அந்தக் குடும்பங்கள் எதைச் சுமந்துகொண்டிருந்தன என்பது புரியும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு சித்தி மகள், "சென்ட்ரோமியர் வெளியே இருந்தா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. புதிதாக இரண்டு கீற்று எடுத்தோம்.

● – அ – ஆ – இ – ஈ – உ
● – அ – ஈ – இ – ஆ – உ

இது பாராசென்ட்ரிக். திருப்பம் முழுக்க ஒரே கைக்குள். வளையம் அதே வளையம்தான், ஆ-வுக்கும் இ-க்கும் நடுவில் குறுக்கேற்றம் போட்டு விரலை ஓட்டினால் வருவது வேறு:

● – அ – ஆ – இ – ஈ – அ – ●
உ – ஆ – இ – ஈ – உ

ஒன்றில் இரண்டு சென்ட்ரோமியர், மற்றதில் ஒன்றுகூட இல்லை. இரண்டு சென்ட்ரோமியர் உள்ளதை எதிரெதிர்த் துருவங்கள் இரண்டும் பிடித்து இழுக்கின்றன, கயிறு இழுக்கும் போட்டி மாதிரி, அது செல்லின் நடுவில் ஒரு பாலமாக நீண்டு கடைசியில் எங்கோ ஒரு இடத்தில் அறுகிறது. சென்ட்ரோமியர் இல்லாத துண்டை யாரும் இழுப்பதில்லை, அது நடுவில் கிடந்து காணாமல் போகிறது. மக்காச்சோளத்தின் மகரந்தத் தாய்ச் செல்களில் இந்த வளையத்தையும் பாலத்தையும் துண்டையும் 1930களில் பார்த்து விளக்கியவர் பார்பரா மெக்லின்டாக். இது திருப்பம்தான் என்று சொல்ல, குரோமோசோம்கள் துருவங்களுக்கு இழுபடும் முதல் அனாஃபேஸில் பாலமும் துண்டும் சேர்ந்து தெரிய வேண்டும், அதிலும் துண்டின் நீளம் செல்லுக்குச் செல் மாறாமல் இருக்க வேண்டும். கீற்றைப் பாருங்கள், குறுக்கேற்றம் எங்கே விழுந்தாலும் அந்தத் துண்டு இரண்டு உ-வும் ஒரு முழு நடுத்துண்டும்தான். நீளம் கண்டபடி மாறினால் அது திருப்பம் இல்லை, வேறு ஏதோ காரணத்தால் குரோமோசோம் உடைகிறது என்று அர்த்தம்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் வருகிறது. பழ ஈக்களில் இந்தத் திருப்பங்கள் இருந்தால் குறுக்கேற்றமே நடக்காதது போலத் தோன்றும், மரபியலாளர் ஸ்டர்டிவன்ட் அதை முதலில் குறுக்கேற்றத்தைத் தடுக்கும் ஒரு காரணியாகத்தான் பார்த்தார். பாலம் அறுந்து முட்டைகள் வீணாக வேண்டுமே, ஆனால் பாராசென்ட்ரிக் திருப்பம் உள்ள பெண் ஈயின் முட்டைகள் பொரியாமல் போவது கூடவில்லை. 1936இல் ஸ்டர்டிவன்ட்டும் இன்னொரு மரபியலாளரான பீடிலும் சேர்ந்து இதை விடுவித்தார்கள். பெண் ஈயின் மியாசிஸில் வரும் நான்கு நியூக்ளியஸ்களும் ஒரே வரிசையில் நிற்கும், முட்டையாவது உள்பக்கக் கடைசியில் நிற்கும் ஒன்று மட்டும். பாலம் நடுவில் இருக்கும் இரண்டு நியூக்ளியஸ்களைக் கட்டிப்போட்டுவிடுகிறது, ஓரத்துக்குப் போவது குறுக்கேற்றத்தில் சிக்காத நல்ல குரோமாட்டிட். ஆண் ஈக்களிலோ பொதுவாகக் குறுக்கேற்றமே கிடையாது. ஆகக் குறுக்கேற்றம் நடக்கத்தான் நடக்கிறது, அதன் விளைவு முட்டைக்குள் வருவதில்லை, பார்ப்பவருக்கு நடக்காதது போலத் தெரிகிறது. இதனால்தான் காட்டு ஈக்களில் பாராசென்ட்ரிக் திருப்பங்கள் கொட்டிக் கிடக்கின்றன, நம் ஊர்ப் பழக்கடைகளில் மொய்க்கும் ட்ரோசோஃபிலா அனனாசே இனத்திலேயே உலகம் முழுக்கப் பரவிய மூன்று திருப்பங்கள் உண்டு. பெரிசென்ட்ரிக்குக்கு இந்தத் தப்பிக்கும் வழி இல்லை, பாலம் கிடையாது என்பதால் கெட்ட குரோமோசோமைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை, அதனால் காட்டு ஈக்களில் அது அபூர்வம்.

மனிதர்களிலும் பாராசென்ட்ரிக் திருப்பம் உள்ளவர்களுக்குக் கணக்கு தப்பிய குழந்தை பிறப்பது மிக அரிது. இரட்டைச் சென்ட்ரோமியர் குரோமோசோமை வைத்துக்கொண்டு ஒரு கரு வெகுதூரம் போக முடியாது.

அப்படியென்றால் சித்தி மகளின் ஒன்பதாவது குரோமோசோம்? அதுவும் பெரிசென்ட்ரிக்தான், எழுத்தைப் பார்த்தாலே தெரியும், p-யிலும் q-விலும் உடைந்திருக்கிறது. ஆனால் இரண்டு உடைவும் சென்ட்ரோமியரை ஒட்டிய ஹெட்டிரோகுரோமாட்டின் பகுதியில். அங்கே மரபணுக்கள் இல்லை என்றே சொல்லலாம், குறுக்கேற்றமும் நடப்பதில்லை. குறுக்கேற்றம் இல்லையென்றால் நுனிகள் இரட்டிப்பதும் இல்லை, தொலைவதும் இல்லை. நூறு பேரில் ஒன்று முதல் மூன்று பேருக்கு இது இருக்கிறது, பல ஆய்வகங்கள் இதை ரிப்போர்ட்டில் எழுதுவதையே விட்டுவிட்டன. எழுதுவதாக இருந்தால் பக்கத்தில் ஒரு வரி விளக்கம் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, அந்த ஒரு வரி இல்லாததால் ஒரு பெண் இரண்டு ராத்திரி தன்னையே குற்றம் சாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கருக்கலைவுக்கு வேறு காரணங்களைப் பார்க்கச் சொல்லி, எந்தெந்தப் பரிசோதனை என்று எழுதிக் கொடுத்தேன்.

கடைசியாக, இதே துறையில் இருப்பவர்களுக்கும் குழந்தையின் ரிப்போர்ட்டோடு அலையும் பெற்றோருக்கும் ஒரு விஷயம். இப்போதெல்லாம் குழந்தைக்கு இதயக் குறை என்றால் முதலில் மைக்ரோஅரே செய்கிறார்கள். அது கூடுதலையும் குறைவையும் மட்டும் பார்க்கும், எது எங்கே எந்தத் திசையில் ஒட்டியிருக்கிறது என்று பார்க்காது. ஆக, ஒரே குரோமோசோமின் ஒரு நுனியில் குறைவு, மறு நுனியில் கூடுதல் என்று வந்தால், அது பெற்றோர் ஒருவரின் பெரிசென்ட்ரிக் திருப்பத்திலிருந்து வந்ததா என்று பார்த்தே ஆக வேண்டும். இங்கேதான் தவறு நடக்கிறது: அப்பா அம்மாவுக்கும் அதே மைக்ரோஅரேயைச் செய்து, இருவருக்கும் இயல்பு என்று வந்ததும், இது தானாக வந்தது, அடுத்த குழந்தைக்கு வராது என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். திருப்பத்தைச் சுமக்கும் அம்மாவிடம் எதுவும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, மைக்ரோஅரே அவளை இயல்பு என்றுதான் சொல்லும். அவளுடைய செல்களை வளர்த்து, குரோமோசோம்களைப் பட்டை பட்டையாகச் சாயமேற்றிக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். அதற்கு உயிருள்ள செல் வேண்டும். அதனால் அப்படி ஒரு ரிப்போர்ட் என் மேசைக்கு வந்தால் நான் முதலில் எழுதுவது இதைத்தான்: பெற்றோர் இருவரின் ரத்தமும், ஊதா மூடிக் குழாயில் வேண்டாம், ஹெப்பாரின் போட்ட பச்சை மூடிக் குழாயில்.